ரெலாவ் 3ஆம் மாடி வாடகை வீடு (குடும்பக் குரூப்)

*கமலா அக்கா:* குணா, வியாழக்கிழமை பாத்ரூம் பைப் ஒடஞ்சு கீழ் வீட்டுக்குத் தண்ணி ஒழுகுது, உன் போன எடுக்க ஆளில்ல. ஃபைல்ல இருந்த ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா "அவரு நின்னு ரெண்டு மாசமாச்சு"ங்கறாங்க. இப்ப எந்தக் கம்பெனி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடறது, எழுதிக் குடுப்பா.

*சுசீலா ஆண்ட்டி:* என் சீலிங் இன்னும் காயல. பெயிண்ட் யாரு அடிக்கறது?

*குணா:* சாரிக்கா. இப்ப பத்து காவான் ஃபேக்டரி. லைனுக்குள்ள போன் கூடாது, லாக்கர்லதான் கெடக்கும். வாடகை தவறாம வருதேன்னு சொல்லாம இருந்துட்டேன்.

*மணியம் மாமா:* வேலை மாறுனா அக்ரிமெண்ட் செல்லாது. புதுசா போட்டு மறுபடி ஸ்டாம்பிங் பண்ணணும்.

*பாலன்:* இல்ல மாமா. வாடகை, காலம் எதுவும் மாறலையே. புது விவரத்த ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பழைய அக்ரிமெண்டோட வெச்சாப் போதும். குணா, உன்ன எடுத்தது ஃபேக்டரியா, ஏஜெண்டா?

*குணா:* ஏஜெண்ட்ண்ணே. யூனிஃபார்ம் மட்டும் ஃபேக்டரியோடது.

*பாலன்:* அதான் கேட்டேன். அக்கா ஃபேக்டரிக்கு அடிச்சா "அப்படி யாரும் இல்ல"ன்னுடுவாங்க. பையன் பொய் சொல்றான்னு அக்கா நெனச்சுக்குவாங்க. எங்க எச்ஆருக்கே இப்படி போன் வரும். பேஸ்லிப்ல முதலாளின்னு யார் பேரு இருக்கோ, அதுதான் எழுதணும். அக்கா, அவன் குடுக்கற நம்பருக்கு அடிக்காம கம்பெனி வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு அடிங்க. இங்க வேலை செய்றாரான்னு மட்டும் கேளுங்க. குணா, நீ முன்னாடியே எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுடு. இல்லன்னா அதையும் சொல்ல மாட்டாங்க.

*கமலா அக்கா:* சம்பளம் தெரிஞ்சாதானே எனக்கு நிம்மதி?

*பாலன்:* அத எச்ஆர் சொல்லாது. அவனே காட்டுனா பாருங்க.

*குணா:* ஒரு பேஸ்லிப்தான் வந்திருக்கு. தொகைய மறைச்சுட்டுத் தரவா?

*கமலா அக்கா:* யோசிச்சு சொல்றேன்.

*மணியம் மாமா:* என் வாடகைக்காரன் ஆபர் லெட்டர் காட்டுனான். மூணே மாசம், சாவியக்கூடக் குடுக்காம ஓடிட்டான்.

*பாலன்:* அதனாலதான் லெட்டர் மட்டும் பத்தாது மாமா. இன்னொன்னு, பைப் ஒடஞ்சா எச்ஆர் நம்பர் உதவாது. சாயங்காலத்துக்கு மேல அங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஷிஃப்ட் சூப்பர்வைசர் நம்பரும், கூட இல்லாத ஒரு சொந்தக்காரர் நம்பரும் வேணும். அவங்ககிட்ட கேட்டுட்டுக் குடு குணா.

*குணா:* சூப்பர்வைசர்கிட்ட நாளைக்குக் கேக்கறேன். எங்க அண்ணன் பட்டர்வொர்த்ல இருக்காரு, அவரு நம்பர் ஓகே.

*கமலா அக்கா:* பத்து காவானுக்கு தெனமும் ரெண்டாவது பாலத்துல போயிட்டு வர்றியா? அங்கயே வீடு பார்க்கறியோன்னு எனக்கொரு பயம். கிளம்புறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுப்பா.

*குணா:* புரொபேஷன் முடியட்டும்க்கா.

*குணா:* 📷 படம்

*பாலன்:* டேய், ஐசிய குரூப்ல போடாத! அழிச்சுட்டு அக்காவுக்குத் தனியா அனுப்பு. வீட்டு வாடகைக்கு மட்டும்னு மேல குறுக்க எழுதிட்டு.

*சுசீலா ஆண்ட்டி:* ஐசில முடி நல்லா இருக்கு குணா. பெயிண்ட்?