தலைமைத்துவமா முகாமைத்துவமா: முதலாம் ஆண்டுக் கட்டுரை எங்கே சறுக்குகிறது?

கோணேசபுரி மாணவி:
வணிகக் கற்கை முதலாம் ஆண்டு. 'தலைமைத்துவமும் முகாமைத்துவமும் வேறு வேறானவையா? வாதிடுக' என்று கட்டுரை தந்திருக்கினம், 1500 சொல். எழுதினவையும் திருத்தினவையும் கண்டதைச் சொல்லுங்கோ.

சல்லி ரமணன்:
லேசு தங்கச்சி. இரண்டு நிரலில் அட்டவணை போடுங்க. முகாமையாளர் திட்டமிடுவார், வரவு செலவு பார்ப்பார். தலைவர் திசை காட்டுவார், ஆட்களை ஒன்று சேர்ப்பார். 1990 இல் ஹார்வர்ட் பேராசிரியர் ஜோன் கொட்டர் சொன்னதும் இதுதான். காந்தி, மண்டேலா உதாரணம் போட்டால் முடிந்தது. நல்ல தலைவர் இருக்கிற இடத்தில் முகாமையாளர் பெரிதாகத் தேவையில்லை என்றும் எழுதலாம்.

உவர்மலை அக்கா:
ரமணன் தம்பி, முதல் பாதி சரி. கடைசி வசனம் கொட்டருக்கே எதிரானது. சிக்கலைச் சமாளிக்க முகாமைத்துவம், மாற்றத்தைச் சமாளிக்கத் தலைமைத்துவம், ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேணும் என்பதுதான் அவருடைய வாதம். அட்டவணை போட்ட கட்டுரைகள் பெரும்பாலும் அதோடேயே நின்றுவிடும். 'வாதிடுக' என்றால் ஒரு பக்கம் எடுத்து, அது எங்கே உடையும் என்றும் காட்ட வேணும். காந்தியை வைத்தால் இன்னொரு சிக்கல்: பெரிய தலைவரைச் சாதாரண முகாமையாளரோடு ஒப்பிடுகிறீர்கள். வித்தியாசம் வேலையிலா ஆளிலா என்றே தெரியாமல் போய்விடும்.

ஒரே ஆள், ஒரே வேலை என்று ஒரு சம்பவத்தைக் கற்பனையாகவே எடுங்கோ. திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கம், வள்ளங்கள் கடலுக்கு ஐஸ் கொண்டுபோக வேணும் என்று முடிவெடுக்கிறது. நம்முடைய வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ எதிர்பார்த்துப் போகிற வள்ளத்துக்கு 200 கிலோ ஐஸ். முதல் நாள் பின்னேரமே ஐஸ் ஆலைக்குச் சொல்வது, விடியமுதல் கரையில் நிறுத்துக் கொடுப்பது, பெட்டியில் அடியிலும் மேலேயும் ஐஸ் போட்டு உருகும் தண்ணீர் வடிய வழி விடுவது, கணக்கெழுதுவது எல்லாம் முகாமைத்துவம்.

இதெல்லாம் பிசகாமல் நடந்தும் வள்ளக்காரர் ஐஸைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஏனென்றால் வியாபாரி ஐஸ் வைத்த மீனுக்கும் வைக்காத மீனுக்கும் ஒரே விலை கொடுக்கிறார். ஐஸ் இடத்தையும் எரிபொருளையும் தின்கிறது. இங்கே கட்டளையும் அட்டவணையும் உதவாது. மற்றவர்கள் மதிக்கிற இரண்டு சம்மாட்டிமாரை முதலில் சம்மதிக்க வைத்து, வியாபாரியோடு தர விலை பேசி, 'நாம் விற்பது எடையை அல்ல, தரத்தை' என்ற எண்ணத்துக்கு ஆட்களைக் கொண்டுவர வேணும். அது தலைமைத்துவம்.

மறுபக்கத்தையும் எழுதுங்கோ. எல்லோரும் சம்மதித்து வந்த வாரத்தில் ஐஸ் பாதிதான் வந்தால், அந்த நம்பிக்கை ஒரு விடியலோடு போய்விடும். திரும்பக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

என்.சி. வீதிக் கடைக்காரர்:
என்னுடைய கடையில் பொடியன்மார் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிறாங்கள் இல்லை. சம்பளம் குறைவில்லை. அப்ப நான் தலைவராக இல்லையா?

உவர்மலை அக்கா:
அண்ணா, அந்தப் பிள்ளையின் கேள்வி வேறு. ஆனாலும் முதலில் விடுமுறை, வேலை நேரம், யாரிடம் கேட்பது என்பவை ஒழுங்காக இருக்கா என்று பாருங்கோ. அவை குழம்பியிருந்தால் அது முகாமைத்துவப் பிரச்சினை. உற்சாகப் பேச்சு அதைத் தீர்க்காது.

சீனக்குடா வாசகர்:
ஐஸ் உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கு. தர விலை என்பது ஊக்குவிப்பு முறை. அதை வகுப்பது முகாமைத்துவம்தானே? 1973 இல் முகாமைத்துவ ஆய்வாளர் மிண்ட்ஸ்பேர்க் முகாமையாளரின் பத்து வகிபாகங்களைச் சொன்னபோது 'தலைவர்' அதில் ஒன்றாகவே வருகிறது. அப்படியென்றால் வேறு வேறு என்பதே பிழை.

உவர்மலை அக்கா:
விலையை வகுப்பது முகாமைத்துவம், சரி. அந்த விலை தேவை என்று மூன்று தரப்பையும் நம்பவைத்தது எது என்பதுதான் என் கேள்வி. ஆனால் மிண்ட்ஸ்பேர்க்கை அவ்வளவு லேசாகத் தள்ள ஏலாது. 1977 இல் ஹார்வர்ட் பேராசிரியர் ஸலெஸ்னிக், தலைவரும் முகாமையாளரும் ஆளுமையிலேயே வேறுபட்டவர்கள் என்று எழுதினார். அவரோடு வைத்துப் பார்த்தால் மூன்று நிலைப்பாடு: ஆளே வேறு, வேலை வேறு, ஒன்று மற்றதன் பகுதி. தங்கச்சி, முதல் பந்தியிலேயே எதை ஏற்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கோ.

சீனக்குடா வாசகர்:
நான் மூன்றாவது பக்கம்தான். சங்கத்தின் முகாமையாளரே ஆட்களை நம்பவைக்காவிட்டால், அவர் பாதி வேலைதான் செய்கிறார்.

கோணேசபுரி மாணவி:
இரண்டாவதை எடுக்கப் போறேன், 'வேலை வேறு' என்று. அக்கா, ஐஸ் சம்பவத்துக்கு எத்தனை சொல்?

உவர்மலை அக்கா:
600 அளவில் வையுங்கோ. 300 ஐச் சீனக்குடாத் தம்பியின் மறுப்புக்கு ஒதுக்குங்கோ, அதை வலிமையாகவே எழுத வேணும். வரைவிலக்கணங்களுக்கு 150 சொல் போதும்.