முகம் மாற்றிய படத்தைப் பெரிதாக்கும்போது மாஸ்க்கை எங்கே வைப்பது?

வணக்கம். பினாங்கில் திருமணப் படங்கள் எடுப்பவன். ஒரு குழுப்படத்தில் மணமகளின் அத்தை கண்ணை மூடிவிட்டார். எந்தக் கல்யாணத்திலும் ஓர் அத்தை மூடியே தீருவார். ஃபோட்டோஷாப்பில் அடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்து, சிறிதாக்கும் முன்பே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, மாஸ்க்கும் 1.5 பிக்சல் Gaussian Blur ஸ்மார்ட் ஃபில்டரும் போட்டேன். ஆல்பம் அளவில் ஒட்டே தெரியவில்லை.

சுவரில் மாட்ட Image Size மூலம் இருமடங்காக்கியதும் அத்தை முகம் மட்டும் கூர்மையாகத் துருத்துகிறது. சுற்றியிருப்பவர்கள் பெரிதாகும்போது மங்குகிறார்கள். முகத்துக்கோ மூலப் பிக்சல்கள் உள்ளேயே இருக்கின்றன, ஃபில்டரின் ஆரமும் 1.5-லேயே நிற்கிறது. ஃபில்டரை இருமுறை சொடுக்கி ஆரத்தைக் கூட்டினால் அது சரியாகிறது. மாஸ்க்குக்கு அந்த வழி இல்லை. அது ஆப்ஜெக்டுக்கு வெளியே இருக்கும் சாதாரணப் பிக்சல் என்பதால் தாடையோரம் குழைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் அடைத்தால் ஆரமும் கூடவே விரியும். ஆனால் இப்போதைய சிறிய அளவிலேயே முகம் உறைந்துவிடும். மாஸ்க்கை உள்ளே, மூல அளவில் வரையலாம் என்றால், அங்கே பின்னணிப் படம் தெரியாது. கழுத்தோரத்தை எதைப் பார்த்து வரைவது? இந்த வேலையைச் செய்பவர்கள் உங்கள் அடுக்கு வரிசையைச் சொல்லுங்கள்.