ஏலச்சீட்டின் ஆண்டு வட்டிக்கு ஒரு பெயர்

செல்வம்:
நம் வணிகவியல் கலைச்சொல் பட்டியலில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. சீட்டில் போகும் தள்ளுபடியையும் வரும் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஓர் எண் கிடைக்குமே, அதற்கு என்ன பெயர்? "பயனுறு ஆண்டு வட்டி" என்று வைக்கலாமா?

முருகேசன்:
இதற்குப் புதுப்பெயர் எதற்கு? லட்ச ரூபாய்ச் சீட்டை 30,000 தள்ளி எடுத்தால் வட்டி 30%. கைக்கு வருவது 70,000தானே என்று வாதிட்டால் 43%.

வாசுகி:
இரண்டும் இல்லை, ஐயா. காலத்தை விட்டுவிட்டீர்கள். பத்துப் பேர், பத்து மாதம், தவணை 10,000, கமிஷன் 5,000 என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி முதல் மாதம் 30,000. பிறகு மாதந்தோறும் 3,000 குறைகிறது. கடைசி மாதம் கமிஷன் மட்டும். கமிஷன் போக மிஞ்சுவது பத்துப் பேருக்கும் டிவிடெண்ட்.

முதல் மாதம் எடுப்பவர் அன்றைய தவணை 7,500 போக 62,500 பெறுகிறார். அடுத்த ஒன்பது மாதங்களில் 80,800 கட்டுகிறார். மாதம் சுமார் 5.2%, கூட்டு வட்டியாக ஆண்டுக்கு 84%! கடைசியில் எடுப்பவர் 78,300 கட்டி, இறுதித் தவணை போக 85,000 பெறுகிறார். ஆண்டுக்குச் சுமார் 23%. இரண்டுக்கும் இடையில் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. விரிதாளில் கட்டியதைக் கழித்தல் குறியோடு, மாதத்துக்கு ஒரு கட்டமாக இடுங்கள்:

```
=(1+IRR(A1:A10))^12-1
```

84% கட்டுகிறவரிடம் "பயனுறு" என்று சொன்னால் அடிக்க வருவார்.

கலா:
மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் ஐந்தாம் மாதம் எடுத்தேன். கணக்கு ஏறக்குறைய இதேதான். விரிதாள் `#NUM!` என்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

வாசுகி:
அந்தப் பிழையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. நீங்கள் முதலில் சேமித்தவர், பிறகு கடன்காரர். என் எண்களிலேயே ஐந்தாம் மாதத்தில் எடுப்பவர் மொத்தம் 79,600 கட்டி 73,300 பெறுகிறார். எந்த வட்டி வைத்தாலும் அது சமனாகாது. இரண்டாகப் பிரியுங்கள். முன்பு கட்டிய 31,800 வங்கியில் மாதம் 0.5% ஈட்டியிருந்தால் 32,200 ஆகியிருக்கும். அதைக் கழித்தால் உண்மையான கடன் 41,100. அதற்கு ஐந்து மாதங்களில் 47,800 கட்டுகிறீர்கள். மாதம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அதைவிடக் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் கிடைத்திருந்தால் அதுவே மேல்.

செல்வம்:
அப்படியானால் "ஈடாண்டு வீதம்"? கொடுத்ததும் பெற்றதும் ஈடாகும் வீதம்.

முருகேசன்:
ஈடு என்றால் வங்கியில் அடகு. மக்கள் நகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மெய்யாண்டு வட்டி" என்று வையுங்கள்.

வாசுகி:
விலைவாசி உயர்வைக் கழித்த வட்டியைத்தான் பொருளியலில் மெய்வட்டி என்கிறோம், அது வேண்டாம். "சமனாண்டு வீதம்" எனக்குப் பரவாயில்லை. ஆனால் கலா அம்மாவின் சீட்டுக்குச் சமனே இல்லையே, அங்கே எதைச் சொல்வது?