டவர் லொகேஷனை எதிர்த்து வாதாட எந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும்?

நெட்வொர்க் துறையில் இருப்பவர்கள், வழக்கறிஞர்கள் யாராவது வழி சொல்லுங்கள். என் தம்பி மீது ஒரு அடிதடி வழக்கு. இரவு 9.42-க்கு அவன் போனுக்கு வந்த அழைப்பு, சம்பவ இடத்துக்குப் பக்கத்து டவரில் பதிவாகியிருக்கிறது, அதனால் அவன் அங்கேதான் இருந்தான் என்கிறார்கள். அவன் வீட்டில் இருந்தான். டவரிலிருந்து சம்பவ இடம் 600 மீட்டர், வீடு 2 கிலோமீட்டர், இரண்டும் ஒரே திசை.

அழைப்புப் பட்டியலில் இருப்பது செல் ஐடி மட்டும்தான். டவரின் ஒரு பக்கத்து ஆன்டெனா, பெரும்பாலும் 120 டிகிரி அளவுக்கு விரியும் பரப்பு, அதற்குள் எங்கோ போன் இருந்தது என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. போன் எப்போதும் மிக அருகிலுள்ள டவரைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை, நெரிசலும் கட்டடங்களும் அதை மாற்றிவிடும். (போன் அவன் கையில்தான் இருந்தது, அதை நாங்கள் மறுக்கவில்லை.)

வீட்டில் நின்று போனில் செல் ஐடியைப் பார்த்தேன். மாடியில் வேறு டவர், பின்பக்க அறையில் பல முறை அதே செல் ஐடி! ஆனால் சம்பவம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன, இதற்குள் ஆன்டெனாவின் திசையும் சாய்வும் மாறியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லுமே. அன்றைய அமைப்பு விவரத்தை நீதிமன்றம் வழியாக நிறுவனத்திடம் எந்தப் பெயரில் கேட்பது? அப்புறம், டைமிங் அட்வான்ஸ் பதிவு கிடைத்தால் தூரமே ஓரளவு தெரிந்துவிடும், 2ஜி அழைப்பில் ஒரு படி சுமார் 550 மீட்டர், ஆக 600-க்கும் 2000-க்கும் வித்தியாசம் காட்டும். சாதாரண அழைப்புப் பட்டியலில் அது வருவதில்லை. நிறுவனங்கள் அதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?