நவரை நெல்லில் நொய் அதிகம்: யாராவது வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர். தை கடைசியில் கோ 51 விதைத்தோம், சித்திரையில் பால் பிடித்தது. அப்போது ராத்திரியிலும் புழுக்கம் குறையவில்லை. 100 கிலோ நெல்லைப் பச்சரிசியாக அரைத்ததில் 64 கிலோ அரிசி, அதில் 22 கிலோ நொய். அரிசியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளை.

இரவு சூடாக இருந்தால் பயிர் சேர்த்த மாவைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும், மணி நிரம்பும் நாளும் குறையும். மாவுத்துகள்கள் நெருங்காமல் நடுவில் காற்று நிற்பதால்தான் அந்த வெள்ளை. ஆலையில் அந்த இடத்தில்தான் உடைகிறது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது கோடைப் பயிரில் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2004-இல் எழுதினார்கள்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் விளைச்சல் ஏறுமே என்கிறான் தம்பி மகன். ஏறும்தான், ஆனால் அரிசியில் புரதமும் துத்தநாகமும் குறையும். பூக்கும்போது சூட்டில் பதரானதை அது திருப்பித் தராது.

புழுங்கல் போட்டால் உடைவு குறையும், தெரியும். ஆனால் எங்களுக்குப் பச்சரிசிதான் விற்கிறது. மார்கழியிலேயே விதைத்தவர்கள் இருக்கிறீர்களா? நொய் எவ்வளவு வந்தது, என்ன ரகம்?