பீடிஎஃப் உரையின் வரிமுறிவுகளை ஒட்டுவதற்கு ஒரு சொல்

ஏறாவூர், சஞ்சிகைத் தொகுப்பு

பீடிஎஃபிலிருந்து எடுத்த உரையில் வரிக்கு வரி முறிவு, தேவையற்ற சிறுகோடு, இரண்டு நிரலும் கலந்த வசனங்கள். இதைச் சீராக்கும் வேலைக்குக் கையேட்டில் ஒரு பெயர் வேண்டும். 'வரிநீக்கம்' என்றால் இறைவரித் திணைக்களத்து அறிவித்தல்போல் இருக்கிறது.

அக்கரைப்பற்று

சொல் தேடும் அளவுக்கு அதில் வேலை இல்லையே சேர். வேர்டில் தேடும் இடத்தில் `^p`, மாற்றும் இடத்தில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான். 'வரிச்சேர்ப்பு' போதும்.

மட்டக்களப்பு, பக்க வடிவமைப்பு

அப்படிச் செய்தால் பந்திகளும் ஒன்றாகிவிடும், தம்பி. முதலில் `^p^p` ஐ உரையில் எங்கும் வராத `@@` ஆக்கி, பிறகு `^p` ஐ மாற்றி, கடைசியில் `@@` ஐ `^p` ஆக்கவேண்டும். பந்திகளுக்கிடையே வெற்றுவரி இல்லாவிட்டால், மற்றவற்றைவிடக் குறுகி முற்றுப்புள்ளியில் நிற்கும் வரியைத்தான் பந்தி முடிவாகக் கொள்ளலாம்.

பெரிய தவறு அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆங்கில அச்சில் சொல்லை வெட்டினால் வரிக் கடைசியில் சிறுகோடு வரும். தமிழ் அச்சில் பெரும்பாலும் கோடு போடாமலே வெட்டுவார்கள். வேளாண்மைத் துண்டுப்பிரசுரம் ஒன்று இப்படி வருகிறது என்று வையுங்கள்:

```
வாய்க்கால் திறக்கும் நா   விதைநெல்லை ஊறவைத்
ளுக்கு முன்பே வரப்பைக்   துப் பிறகு சாக்கில் கட்
கட்டி முடிக்கவும்.        டி முளைக்க விடவும்.
```

முதல் வேலை நிரல்களைப் பிரிப்பது. வரிகளை முதலில் ஒட்டினால் 'நா விதைநெல்லை' என்று பின்னிக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை. ஏ4 பக்கத்தின் அகலம் 595 புள்ளி, ஆகவே pdftotext என்ற கட்டளையால் பாதியில் வெட்டலாம்:

```
pdftotext -x 0 -y 0 -W 297 -H 842 a.pdf left.txt
pdftotext -x 297 -y 0 -W 298 -H 842 a.pdf right.txt
```

நிரல்களின் நடுவெளி சரி பாதியில் இல்லையென்றால் வரிக் கடைசி எழுத்துகள் மற்றக் கோப்புக்குப் போய்விடும். இரு நிரலுக்கும் குறுக்காகத் தலைப்பு இருந்தால் `-y` ஐ அதற்குக் கீழே வைத்து, அதே அளவை `-H` இல் குறையுங்கள்.

இனி ஒட்டுதல். எந்தத் தமிழ்ச் சொல்லும் ளகரத்தில் தொடங்காது, ஆகவே 'நா', 'ளுக்கு' இரண்டும் இடைவெளியின்றிச் சேரும். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் வரிக்கும் அதே விதி. இது வேர்டின் தேடலில் இயங்காது. பந்திக் குறி `@@` போட்ட பிறகு, VS Code போன்ற தொகுப்பானில் regex தேடலை இயக்கி, இதை வெற்றாக மாற்றுங்கள்:

```
\n(?=[\u0b95-\u0bb9]\u0bcd|[ணனளழற])
```

'ட்' இல் முடியும் வரியும் ஒட்டும், 'கட்டி' போல.

அக்கரைப்பற்று

'ரிப்போர்ட்', 'இன்டர்நெட்' எல்லாம் 'ட்' இல்தானே முடிகின்றன? 'க்ளிக்' புள்ளியெழுத்தில்தானே தொடங்குகிறது?

மட்டக்களப்பு

சரியான பிடி. 'ட்' க்கு அடுத்த வரி டகர வரிசையில் தொடங்கினால் மட்டும் ஒட்டுங்கள். 'க்ளிக்' மாதிரியானவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும்.

'வரப்பைக்/கட்டி', 'ஊறவைத்/துப்' இரண்டும் வடிவத்தில் ஒன்று. முதலாவதற்கு இடைவெளி வேண்டும், இரண்டாவதற்குக் கூடாது. 'கட்டி' தனிச்சொல், 'துப்' இல்லை என்று சொற்பட்டியல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் 'படித்/தான்' அதையும் ஏமாற்றும், 'தான்' தனியாகவும் நிற்குமே. அங்கே வாசித்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

கல்முனை

எனக்கும் இதே கரைச்சல் நானா. ஒட்டினால் 'தமிழ்' என்பது `jkpo;` என்று வருகிறது. எந்த விதி போடுவது?

மட்டக்களப்பு

அது வரிமுறிவு இல்லை, பாமினி எழுத்துரு. முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், மேலேயுள்ள விதி யுனிகோட் எழுத்துகளைத்தான் பார்க்கும். குப்பை என்று நினைத்து `;` ஐ அழித்துவிடாதீர்கள், புள்ளி அதுதான்.

திருக்கோவில், மொழிபெயர்ப்பு

சிறுகோட்டை மறந்துவிட்டோம். `2023-` என்று வரி முடிந்து அடுத்தது `2024` என்று தொடங்கினால் கோடு நிற்கவேண்டும், முறிவு மட்டும் போகவேண்டும். ஒளிந்திருக்கும் மென்கோடான U+00AD ஐ வேர்டில் `^u173` என்று தேடி அழிக்கலாம்.

பெயருக்கு வருவோம். மருதமுனைத் தறியில் அறுந்த இழையை முடிவதுபோல 'வரிமுடிதல்' என்றால்?

ஏறாவூர்

வரி முடிந்துபோனது என்று படிப்பார்கள், அக்கா.

மட்டக்களப்பு

ஒட்டுவது வரியை அல்ல, முறிவை. 'முறிவொட்டு' என்று வைத்தால் இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லலாம்: 'நா/ளுக்கு' நேரொட்டு, 'வரப்பைக்/கட்டி' இடைவிட்ட ஒட்டு. கையேட்டுக்குத் தேவையான வேறுபாடு அதுதான்.

திருக்கோவில்

'முறிவொட்டு' எலும்பு முறிவு வைத்தியம்போலக் கேட்கிறது, ஆனாலும் விளங்குகிறது. அதற்கு முந்திய படியைப் 'பத்தி பிரித்தல்' என்று எழுதாதீர்கள். நமக்குப் பந்தி என்பது தமிழ்நாட்டில் பத்தி, குழப்பம் வரும். 'நிரல் பிரிப்பு' சரி.

ஏறாவூர்

அங்கே 'நிரல்' என்றால் கணினிச் செய்நிரல் அல்லவா? 'முறிவொட்டு' என்பதைக் கையேட்டில் போடுகிறேன். 'நிரல் பிரிப்பு' இப்போதைக்குக் கேள்விக்குறியோடு நிற்கட்டும்.