புகார்ப் பதிவில் தீர்வு நேரம் பொய் சொல்கிறது, வழி சொல்லுங்கள்

மூன்று மாதப் புகார்களை வகைவாரியாகப் பிவட் டேபிளில் போட்டேன். பில் தவறுகளின் சராசரித் தீர்வு நேரம் 3 மணி நேரம் என்று வந்தது. நம்ப முடியாமல் வரிசைகளைப் புரட்டினால், ஒரே வாடிக்கையாளர் இரட்டைப் பில் பற்றி மூன்று முறை புகார் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் உடனே மூடிவிட்டு, அடுத்த முறை புது எண் கொடுத்திருக்கிறார்கள். முதல் புகார் 2ஆம் தேதி, கடைசியாக மூடியது 21ஆம் தேதி. உண்மையில் 19 நாட்கள்!

சரி, வாடிக்கையாளர் எண் (A), வகை (B), திறந்த தேதி (C) என்ற வரிசையில் அடுக்கினேன். D மூடிய தேதி. E2-இல் `=C2` போட்டு, E3 முதல் இது:

```
=IF(AND(A3=A2,B3=B2,C3-D2<=14),E2,C3)
```

மூடிய 14 நாட்களுக்குள் திரும்பி வந்தால் பழைய புகாராகவே எண்ணும். ஒவ்வொரு தொடரிலும் கடைசி D-யிலிருந்து E-யைக் கழித்தால் உண்மையான காலம் கிடைக்கிறது.

சிக்கல் வகையில்தான். முதலில் 'பில்' என்று பதிந்ததையே அடுத்த முறை வேறொருவர் 'மற்றவை'யில் போடுகிறார், தொடர் அறுந்துவிடுகிறது. வகை நிபந்தனையை எடுத்தால் சம்பந்தமில்லாத புகார்களும் ஒட்டிக்கொள்கின்றன. 'மற்றவை'யை மட்டும் கையால் பிரிப்பதா? 14 நாள் சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.